மருமகளுக்குக் கல்யாணம்

பக்கத்து வீட்டுப் பேரன் கனடாவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அவன் குடும்பத்துப் பழைய கல்யாணக் கடிதம். "போத்தி, இதை இங்கிலீஷில் எழுதித் தாருங்க. நான் எழுதிப் பார்த்தேன், தன் மருமகளுக்கே ஒருத்தர் கல்யாணம் செய்து வைக்கிறார் என்று வருது" என்றான். சிரிப்பு வந்துவிட்டது.

கடிதத்தில் அழைப்பவர் பெண்ணின் தாய்மாமன். "என் மருமகள் சௌ. ..." என்று தொடங்குகிறார். நம் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே அந்தக் காலத்தில் மருமக்கள்வழி. காரணவர் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. அவர்கள்தான் மருமகன், மருமகள். கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இந்த வழக்கத்தின் கொடுமையைத்தான். இங்கே 'டாட்டர்-இன்-லா' என்று போட்டால் கதையே கெட்டுவிடும். 'நீஸ்' என்றாலும் போதாது, ஆங்கிலத்தில் அண்ணன் மகளும் நீஸ், அக்காள் மகளும் நீஸ். ஆகவே 'சிஸ்டர்ஸ் டாட்டர்' என்றே எழுதச் சொன்னேன். தகப்பனார் பெயர் இல்லாததைப் பார்த்து அவர் இறந்துவிட்டார் என்று எண்ணிவிட்டான் பையன். இறந்திருந்தால் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று போட்டிருப்பார்கள். அழைக்கும் உரிமை காரணவருக்கு என்பதுதான் விஷயம்.

'சௌ.' என்பதை அவன் பெயரின் இனிஷியல் என்று எடுத்துக்கொண்டான். அது சௌபாக்கியவதி. மாப்பிள்ளைக்கு 'சிர.' என்றிருந்தது, சிரஞ்சீவி. இரண்டும் வாழ்த்து, 'மிஸ்', 'மிஸ்டர்' என்று போடலாம், ஆனால் வாழ்த்து போய்விடும். இப்போதைய அழைப்பிதழில் 'திருவளர்ச்செல்வி' என்றால் அவளுக்குப் பின்னும் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் உண்டு, 'திருநிறைச்செல்வி' என்றால் அவளே கடைசி என்று சொல்வார்கள். அதை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது?

தேதிதான் அதிகம் மல்லுக்கட்டியது. 'கொல்லம் 1098 மாசி' என்று அச்சு. பையன் கொல்லம் ஊரில் கல்யாணம் என்று நினைத்தான்! அது நம் திருவிதாங்கூர் ஆண்டு, ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. மாசி என்பதால் 1098-உடன் 825 கூட்டினால் 1923. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை அந்த மாசி. போட்டோவில் மடிப்பு விழுந்த இடத்தில் கடைசி இலக்கம் 8-ஆ 3-ஆ என்று தடுமாறினேன். கிழமை அச்சில் தெளிவாக இருந்தது. பழைய பஞ்சாங்கத்தில் அந்தத் தேதிக்கு அந்தக் கிழமை 1098-இல்தான் ஒத்து வந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் கொல்லம் 1101-இல், அதாவது மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. காரணவர் அழைப்பதும் அதோடு பொருந்துகிறது.

முகூர்த்தம் 'உதயாதி 5 நாழிகைக்கு மேல் 7½ நாழிகைக்குள்'. நாழிகைக்கு 24 நிமிஷம். சூரியன் உதித்து இரண்டு மணி கழித்துத் தொடங்கி, மூன்று மணிக்குள் தாலி கட்டு. காலை எட்டரை, ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளலாம். 'திருமாங்கல்யதாரணம்' என்ற சொல்லை மட்டும் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'தாலி கட்டும் சடங்கு' என்று அர்த்தம் போடச் சொல்லிவிட்டேன்.