ஒரு வழியனுப்புப் பிரசங்கம்

கதை எழுதுகிறவனுக்கு ஊரில் ஒரு தனி உத்தியோகம் உண்டு. கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், மந்திரி வந்தால் வரவேற்புப் பத்திரம், பெரியவர் ஓய்வு பெற்றால் பிரிவுபசாரம், எல்லாம் அவன் தலையில்தான் விழும். ஓய்வு பெறுகிறவரைப் பற்றி எழுதுவது சுலபம். முப்பது வருஷத்தைப் புகழ்ந்துவிட்டு மாலை போட்டால் தீர்ந்தது. ஆனால் பிரசவ விடுமுறையில் போகிற ஒருவரை வழியனுப்ப எழுதுவது சற்றுக் கஷ்டமான காரியம். அவர் போவது நிஜம், திரும்பி வரப்போவதும் நிஜம்.

மேலூர்ப் பக்கத்தில் ஓர் அரசினர் பள்ளியின் தலைமையாசிரியர் என் சிநேகிதர். அங்கே கணக்கு வாத்தியாரம்மா ஒருவர் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். அவருக்கு ஒரு வருஷ விடுமுறை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு முன்பெல்லாம் 90 நாள்தான். அது 2011-ல் 180 ஆயிற்று, 2016-ல் 270 ஆயிற்று, 2021 ஜூலை முதல் 365 ஆகியிருக்கிறது. சம்பளமும் உண்டு. பள்ளிக்கூடத்திலோ ஒரு வருஷம் என்றால் ஒரு வகுப்பு முழுவதும் உருண்டு போய்விடும். அதனால் தேநீர் விருந்து வைத்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு.

சிநேகிதர் தாமே எழுதி வைத்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். “கொஞ்சம் ஹாஸ்யம் சேர்த்துக் கொடுங்கள் ஸார்” என்றார். ஹாஸ்யம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. ‘ஒருவராகப் போய் இருவராக வருவார்’ என்று ஒன்று. ‘ஒரு வருஷம் ஜாலியாகத் தூங்கலாம்’ என்று ஒன்று. நடை மாறியதைப் பற்றி மூன்றாவது.

“அந்த அம்மாளுக்கு இது முதல் குழந்தையா?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன் நாலாம் மாசத்தில் கலைந்துவிட்டதாம். ஆறு வாரம் லீவில் இருந்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்து மறுபடி சாக்பீஸை எடுத்தாராம்.

பிறகு ஹாஸ்யத்துக்கு என்ன வேலை? முதலிரண்டு வரிகளையும் அடித்தேன். ‘இருவராக வருவார்’ என்பது நமக்கு வேடிக்கை. அவருக்கு அது இன்னும் கைக்கு வராத ஒன்று. நம் பாட்டிமார் குழந்தை பிறக்குமுன் அதற்குச் சட்டை வாங்க விடமாட்டார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளலாம். ஆனால் அதற்குள் ஓர் இங்கிதம் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றிய வரி, கைக்குழந்தையோடு இரவு விழித்திருக்கிறவரைக் கேலி செய்வதாகும். மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சபையில் ஒரு பெண்ணின் உடம்பைப் பேசினால், அவள் சிரித்துத்தான் ஆக வேண்டும். பதில் சொல்ல முடியாது.

இன்னொரு வரியும் போயிற்று: ‘தாய்மையே பெண்மையின் நிறைவு.’ அந்தப் பள்ளியில் பதினைந்து வருஷமாகக் குழந்தையில்லாத ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கே தெரியும். முன்வரிசையில் அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? ‘அரசாங்கம் தயவுடன் அளித்த விடுமுறை’ என்பதையும் எடுத்தேன். அது உரிமை, தயவல்ல.

“எல்லாவற்றையும் அடித்துவிட்டீர்களே, பேசுவதற்கு என்ன இருக்கிறது?” என்றார் சிநேகிதர்.

“நிச்சயமாகத் தெரிந்தது எது?” என்று கேட்டேன். “அவர் செய்த வேலை. அதைச் சொல்லுங்கள்.”

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாதபடி அது இப்படி அமைந்தது:

“அம்மா, சனிக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் நீங்கள் நடத்திய வகுப்புக்கு யாரும் உத்தரவு போடவில்லை. கணக்கென்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள் அங்கே வட்டம் போடக் கற்றார்கள். காம்பஸ் இல்லாதவனுக்கு நூலும் பென்சிலும் கொடுத்து, வட்டம் என்றால் என்ன என்று காட்டினீர்கள். அந்தச் சனிக்கிழமை வகுப்பை இனி அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பத்தாம் வகுப்பை நானே எடுக்கிறேன். சந்தேகம் வந்தால் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். உங்களுக்குப் போன் செய்ய மாட்டோம். உங்கள் மேஜைச் சாவி அலமாரியில் இருக்கும். அந்த மேஜை உங்களுடையது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். போய் வாருங்கள்.”

ஆசிரியர்கள் தொட்டில் வாங்கப் பணம் திரட்டியிருந்தார்கள். தொட்டிலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, இப்போதைக்கு மதுரையில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்க வைத்தேன். வளையல் தாய்க்கு உரியது, இன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.

விருந்தில் நான் இல்லை. சிநேகிதர் வந்து சொன்னார். பேச்சில் யாரும் சிரிக்கவில்லையாம். போன் செய்ய மாட்டோம் என்ற இடத்தில் அந்த அம்மாள் மட்டும் சிரித்தாராம். வளையலை முதலில் எடுத்து அவர் கையில் போட்டவர், அந்த முன்வரிசை ஆசிரியை.