செவ்வந்திக்காக ஒரு பாட்டு

பெருநாளைக்கு நாங்கள் மூவரும் உம்மா வீட்டில் கூடினால், சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியில் வந்து நிற்பது ஒரே கதையில்தான். பிள்ளைகளும் கேட்கட்டும் என்று உம்மா ஒவ்வொரு வருடமும் சொல்வார். இந்த முறை எழுதி வைப்போம் என்று முடிவெடுத்தோம். எழுதும் வேலை, மாஸ்டர் என்பதால், எங்களில் இளையவருக்கு வந்து சேர்ந்தது.

உம்மா யாழ்ப்பாணம் ஐந்து சந்தியில் பிறந்து வளர்ந்தவர். தையல் வகுப்பில் அவருக்கு ஒரு தமிழ்ச் சிநேகிதி இருந்தா. இரண்டு பேருக்கும் இலங்கை வானொலி என்றால் உயிர். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போடுவது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெரிய பொழுதுபோக்கு. அட்டையில் பாட்டு, படம், யாருக்காக, கேட்பவர்கள் யார் யார் என்று எழுதி, டொரிங்டன் சதுக்கம், கொழும்பு 7 என்று முகவரி போட்டால் போதும். வாசிப்பார்களா இல்லையா என்பது அதிர்ஷ்டம்.

ஆனால் உம்மாவின் பெயர் வானொலியில் வரக்கூடாது. "வாப்பா கேட்டா காலை முறிச்சிருப்பார்" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். குமர்ப்பிள்ளையின் பெயரை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்பதா? அதற்குச் சிநேகிதி ஒரு வழி கண்டுபிடித்தா. உம்மாவுக்கு "ஐந்து சந்தி செவ்வந்தி" என்று பெயர் வைத்தா. தனக்கு "முல்லை". பிற்பாடு உம்மா சீதனமாகக் கொண்டு வந்த சிங்கர் மெஷினுக்கும் "சிங்காரி" என்று பெயர் வைத்து அட்டையில் சேர்த்தா. செவ்வந்தி, முல்லை, சிங்காரி என்று அறிவிப்பாளர் வாசிக்கும்போது, மூன்றாவது ஆள் ஒரு தையல் மெஷின் என்பது இந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். மூத்த ராத்தாவுக்கு அப்போது ஐந்து வயது; எங்களில் இளையவர் கைக்குழந்தை. மெஷினைத் தூக்கிக்கொண்டு யார் வருவது? உம்மா ஓடிப் போய் வீட்டுத் திறப்பைச் சிநேகிதியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பேச நேரமிருக்கவில்லை. எங்கே போகிறோம் என்று எங்களுக்கே தெரியாதபோது அவவுக்கு என்ன முகவரியைக் கொடுப்பது?

வவுனியா வந்து, பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். உம்மா கையாலேயே தைத்தார். ஒரு சட்டைக்கு இரண்டு நாள் போகும். மெஷின் இருந்தால் அரை நாள் வேலை. வாப்பாவுக்கு உப்பு வாய்க்காலில் கூலி வேலை, அதுவும் மழைக்காலத்தில் இல்லை. "சிங்காரி இருந்திருந்தா" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட சொல். அதைக் கேட்டால் வாப்பாவுக்குக் கோபம் வரும். "அது இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும், மறந்துடு" என்பார்.

1993. பக்கத்துக் கொட்டிலில் ஒரு ரேடியோ இருந்தது. பற்றரி இறங்கிவிட்டால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். ஒரு நாள் உம்மா வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ரோஜா படத்துப் பாட்டு ஒன்றுக்கு அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். ஒரே பாட்டைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து, ஊரும் பெயருமாக வேகமாக வாசிப்பது வழக்கம். அந்த நீண்ட வரிசைக்கு நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து முல்லையும் சிங்காரியும், ஐந்து சந்தி செவ்வந்திக்காக என்று வந்தது.

மூன்று செக்கன்கூட இருக்காது. அடுத்த பெயர் வந்துவிட்டது. சுளகு கையிலிருந்து விழுந்து அரிசி மண்ணில் கொட்டியது மூத்த ராத்தாவுக்கு இன்றும் ஞாபகம். முகாம் முழுக்கக் கேட்ட அறிவிப்பு அது. உம்மாவைத் தவிர யாருக்கும் அது யாருக்கென்று விளங்கவில்லை. உம்மா சிரித்தாராம், பிறகு அழுதாராம், பிறகு அரிசியைப் பொறுக்கத் தொடங்கினாராம்.

இரவு வாப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "செவ்வந்தின்னு உலகத்துல ஒருத்திதானா?" என்று கேட்டார். உம்மா சொன்னார்: "செவ்வந்தி ஆயிரம் பேர் இருக்கலாம். சிங்காரி எங்கட வீட்டிலதான் இருந்திச்சு."

வாப்பா ஒன்றும் பேசவில்லை. சிநேகிதி உயிரோடு இருக்கிறா, மெஷினும் அவவோடு இருக்கிறது. மூன்று பெயர்களில் இரண்டு செய்தி. அன்றைய நிலையில் ஒரு கடிதத்தில்கூட இதற்கு மேல் எழுதியிருக்க முடியாது.

ஒன்றுதான் உம்மாவுக்கு விளங்கவில்லை. அவர்கள் எப்போதும் கேட்பது பழைய பாட்டு ஒன்று. அதை விட்டுவிட்டு இதை ஏன் கேட்டா?

பதிலுக்கு உம்மா மூன்று தபாலட்டை போட்டார். அந்தப் பழைய பாட்டையே கேட்டு, கேட்பவர் "புத்தளம் செவ்வந்தி" என்று எழுதினார். ஒன்று வாசிக்கப்பட்டது. ஆனால் வானொலிக்குப் பதிவுத் தபால் கிடையாது. போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியே இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்பார்களாம். சுற்றுகிற கை ஓய்ந்தால் சத்தமும் ஓய்ந்துவிடும்.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் நாங்கள் எல்லோரும் போனோம். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. சிநேகிதியின் வீட்டுப் படலையில் உம்மா நின்று கூப்பிட்டார், பெயர் சொல்லி அல்ல, "முல்லை" என்று. உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் ஓடி வந்து "எடி செவ்வந்தி" என்றா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உம்மா அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டார். அவ சொன்னா: "பழைய பாட்டைக் கேட்டுப் பத்து அட்டைக்கு மேல அனுப்பினனடி. கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போற ஆக்களிட்ட குடுத்துவிட்டனான். ஒண்டும் வரேல்ல. பிறகுதான் யோசிச்சன். எல்லாரும் கேக்கிற பாட்டைக் கேட்டா, அந்தக் கூட்டத்தோட எங்கட பேரையும் வாசிப்பினம்தானே."

உம்மாவின் பதிலை அவ கேட்கவில்லை. தன்னுடைய அட்டை வாசிக்கப்பட்டதும் அவவுக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக, கேட்டிருப்பாளோ கேட்டிருக்க மாட்டாளோ என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சிங்காரி இல்லை. 1995 இல், அதுவும் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து மக்களே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட வேண்டி வந்தது. அன்று மெஷினை விட்டுவிட்டு ஓடியது அவ. திரும்பி வந்தபோது வீடு வெறுமையாக இருந்ததாம். "உன்ர பொருளைக் காப்பாத்த ஏலாமப் போச்சு" என்று சொல்லித்தான் அவ அழுதா. வீட்டை விட்டுப் போவது எப்படியென்று உம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவ அலுமாரியைத் திறந்து, ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தைக் கொண்டு வந்து உம்மாவின் கையில் வைத்தா. உள்ளே மெஷினின் பொபின் கேஸ். வெளிக்கிடும்போது கழற்றி, அடையாள அட்டையோடு சேர்த்து முடிந்துகொண்டு போயிருக்கிறா. ஏன் அதைக் கழற்றினா என்று கேட்டோம். "அது இல்லாம எடுத்தவனுக்குத் தைக்க ஏலாதுதானே" என்றா.

அது இப்போது உம்மாவின் புது மெஷின் லாச்சியில் கிடக்கிறது. அளவு வேறு, அதில் பொருந்தாது. இந்தப் பெருநாளைக்கு மூத்த ராத்தாவின் மகள் அதைக் கையில் எடுத்து "இது என்ன உம்மம்மா?" என்று கேட்டாள். உம்மா கதையை முதலிலிருந்து தொடங்கினார்.