அப்பத்தாவை வரையச் சொன்ன கடிதம்

கடிதம் லெட்டர்பேடில் வந்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே கம்பெனி பெயர், மதுரை முகவரி, இரண்டு செல்போன் எண்கள். எழுதியவர் ஓர் அப்பளக் கம்பெனி முதலாளி. கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, காய வைக்க மொட்டை மாடி, வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது சிவகாசியில் லேபிளும் கவரும் டிசைன் செய்கிற ஒரு அண்ணாச்சிக்கு. தூரிகையும் போஸ்டர் கலருமாகத் தீப்பெட்டி லேபிள் வரைந்து தொழில் கற்று, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர் அவர். ஒரு சித்திரம் எப்படி உருவாகிறது என்று பார்க்கப் போன எனக்கு, முதலில் இந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

“அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம். எங்கள் கம்பெனியை ஆரம்பித்த அப்பத்தாவின் போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதைப் பார்த்து ஒரு பொம்மை மாதிரி வரைந்து தர வேண்டும். பார்த்ததும் எங்கள் அப்பத்தா என்று தெரிய வேண்டும். சிரித்த முகமாக, லட்சுமிகரமாக, குழந்தைகளுக்கும் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். போட்டோவையே கவரில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா சம்மதிக்கவில்லை. ‘கவரைக் கிழிச்சுக் குப்பையில போடுவாக, அத்தை முகம் தெருவுல கிடக்கும்’ என்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் கவர் அடித்தாக வேண்டும். ரேட் சொல்லவும்.”

அம்மா சொன்ன வரிக்குக் கீழே அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். “மத்ததெல்லாம் எல்லாரும் எழுதுறதுதான் தம்பி. எதுக்குப் படம் வேணும்னு சொல்றது இந்த ஒரு வரிதான்” என்றார்.

முதலாளியின் போட்டோவே முத்திரையாக நிற்பது நமக்குப் புதிதில்லை. வசந்த் அண்ட் கோ என்றதும் வசந்தகுமாரின் சிரிப்புதான் நினைவுக்கு வரும். எம்.டி.எச். மசாலாப் பெட்டியில் தலைப்பாகையோடு தரம்பால் குலாட்டி இருக்கிறார். இருவரும் 2020இல் காலமானார்கள். போட்டோவில் இருப்பவர் என்றைக்கும் அந்த மனிதர்தான். அவரை அடுப்படியில் நிறுத்தவோ பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கவோ முடியாது. படம் அப்படியில்லை. கே.எப்.சி.யின் ஹார்லண்ட் சாண்டர்ஸ் 1980இல் இறந்தார். படமாகிவிட்டதால் 2006இல் அவருடைய வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சமையல் ஏப்ரன் மாட்ட முடிந்தது. ஆட்டுத்தாடியும் கண்ணாடியும் அப்படியே இருந்ததால் ஆள் மாறவில்லை. மதுரை அம்மா கேட்டதும் இதைத்தான். மாமியாரின் போட்டோ வீட்டுச் சுவரில் இருக்கட்டும், கவரில் அவரைப் போல ஒருத்தி இருக்கட்டும் என்கிறார்.

வந்திருந்த போட்டோ எந்த வேலைக்கும் ஆகாது. சுவரில் மாலையோடு மாட்டியிருந்த படத்தைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து நெற்றியில் பாதி வெளுத்திருந்தது. கீழே நின்று அண்ணாந்து எடுத்ததால் தாடை அகன்று, தலை சிறுத்திருந்தது. அதையாவது சரிசெய்துவிடலாம். பெரிய சிக்கல் ஸ்டூடியோக்காரர் செய்திருந்த டச்சிங். பெரிதாக்கும்போது முகச் சுருக்கங்களை வழித்தெடுத்து, நிறத்தை வெளுப்பாக்கி, உதட்டுக்கும் லேசாகச் சிவப்பு கொடுத்திருந்தார்கள். அந்த முகத்தில் ஆள் இல்லை. இறந்தவர்களுக்கு நம் ஸ்டூடியோக்கள் செய்யும் இந்த மரியாதை, வரைகிறவரின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி ரேட் சொல்லவில்லை, பதில் கடிதம் எழுதினார். அதன் நகலையும் காட்டினார். டச்சிங் செய்யாத போட்டோ வேண்டும். கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் நின்றிருந்தாலும் போதும். சைடாகத் தெரிகிற படம் ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் மூக்கின் நீளம் தெரியாது. அப்பத்தா எப்படி உட்காருவார், கையில் எப்போதும் என்ன இருக்கும், எப்படிச் சிரிப்பார்? கவரின் அளவு என்ன, எத்தனை கலர், அட்டைப்பெட்டியிலும் படம் வருமா?

ஒரு வாரத்தில் வந்த பதில், முதல் கடிதத்தைவிட மூன்று மடங்கு நீளம். பேரன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அப்பத்தா காதில் பாம்படம் போட்டிருந்தார்; காது தோள் வரைக்கும் தொங்கும். கொண்டையை அள்ளி ஒரு பக்கமாக முடிந்திருப்பார். ஒரு காலை நீட்டி, பலகையை முன்னால் போட்டு, குழவியால் அப்பளம் இடுவார். போட்டோ எடுக்கும்போது சிரித்ததே கிடையாது. நிஜத்தில் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார், கண் இரண்டும் மூடிக்கொள்ளும். கூடவே ஒரு காதுகுத்து வீட்டுக் கூட்டப் படமும் வந்தது. இரண்டாவது வரிசையில், எதையோ திரும்பிப் பார்த்தபடி, முக்கால் முகம் தெரிய அப்பத்தா நின்றிருந்தார்.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அண்ணாச்சி முதலில் முகத்தை வரைவதில்லை. உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் போட்டு உள்ளே முழுக்கக் கறுப்பை நிரப்புகிறார். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமலே ஆள் தெரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வெறும் கொண்டை போட்ட உருவம் எந்தக் கிழவியாகவும் இருக்கலாம். பாம்படத்தைச் சேர்த்ததும் அது தென்மாவட்டத்துக் கிழவியாகிவிடுகிறது. கொண்டை ஒருபக்கம் சரிந்ததும் இந்த வீட்டுக் கிழவி. ஜாடை என்பது எல்லா அங்கங்களையும் சரியாக வரைவதில் இல்லை. இரண்டு மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடுவதில் இருக்கிறது. அந்த இரண்டு மூன்றைப் பெரிதாக்கவும் வேண்டும். பாம்படம் உண்மையில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கானது. உடம்பு தலையைப் போல இரண்டரைப் பங்குக்குள் அடங்கியது. தலை பெரிதாக இருந்தால்தான் சின்னக் கவரில் முகம் தெரியும்.

முகத்தில் கோடு சேர்க்கச் சேர்க்க என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டைப் போட்டார்; அப்பத்தா கோபக்காரி ஆனார். அதை அழித்துவிட்டு, கடைக்கண்ணில் மேல்நோக்கி மூன்று சின்னக் கோடுகள் போட்டார். வயது அப்படியே இருந்தது, முகம் மலர்ந்துவிட்டது. நெற்றிச் சுருக்கம் வேண்டவே வேண்டாம் என்றார், அது கவலையைக் கொண்டுவரும். ஸ்டூடியோக்காரர் எல்லாச் சுருக்கங்களையும் அழித்தார். இவர் எதை வைத்துக்கொள்வது என்று தேடித் தேடி எடுத்தார்.

இனிச் சிரிப்பு. முதலாளிக்குச் சிரித்த முகம் வேண்டும். பல் தெரியச் சிரிக்க வைத்தபோது படம் பற்பசை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது, ஜாடை போய்விட்டது. முந்தானையால் பொத்த வைத்தால் இருமுகிறார் என்று நினைப்பார்கள். சாயங்காலம் வரை வரைந்து வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் கோடு ஏற்றுகிற பெண் தட்டில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “சித்தப்பா, முந்தானைக்குப் பதிலா அப்பளத்தைப் பிடிச்சா?” என்று கேட்டார். பொரிந்த அப்பளம் ஒன்றை இரண்டு கையாலும் வாய்க்கு நேரே பிடித்து, அதற்கு மேலே மூடிய இரண்டு கண்களும் கடைக்கண் கோடுகளும் மட்டும் தெரியும் அப்பத்தா அப்படித்தான் வந்தார். வாயே தெரியவில்லை, ஆனாலும் சிரிக்கிறார். விற்கிற பொருளும் நடுவில் வந்துவிட்டது. கண் என்பது வளைந்த இரண்டு கோடுகளாகச் சுருங்கியதால் அச்சுக்கும் சௌகரியம்.

அச்சு என்றதும் அண்ணாச்சியின் குரல் மாறுகிறது. படம் கம்ப்யூட்டரில் அழகாக இருப்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. கவரில் முகம் வரப்போகும் அளவு 14 மில்லிமீட்டர். அந்த அளவில் பிரிண்ட் எடுத்து, எதிர்ச்சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பார்த்தார். பாம்படத்துக்குள் போட்டிருந்த நுணுக்கமான கோடுகள் அடைத்துக்கொண்டு வெறும் கட்டியாகத் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வெள்ளைக் கீற்று வைத்தார்.

இந்தக் கவர் சிலிண்டரில் அடிப்பது. ஒவ்வொரு கலருக்கும் செதுக்கிய உருளை ஒன்று, அதனால் கலர் கூடினால் செலவும் கூடும். கண்ணாடி போன்ற பிலிமின் உள்பக்கம் இடவலம் மாறி அச்சாகும், வெள்ளை மை கடைசியில் விழும். அந்த வெள்ளைக்கு இடம் குறிக்காமல் விட்டால் அப்பத்தாவின் நரைத்த கொண்டை வழியாக உள்ளே இருக்கும் அப்பளம் தெரியும். தோலின் நிறத்தை நான்கு கலரையும் கலந்து கொண்டுவந்தால், உருளைகள் துளி விலகினாலும் முகத்தைச் சுற்றி நிழல் தட்டும். “ரிஜிஸ்டர் ஆகலை” என்று சொல்வது அதைத்தான். எனவே மாநிறத்துக்குத் தனி மை ஒன்று, அதன்மேல் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். டச்சிங்கில் தொலைந்துபோன நிறம் இங்கே திரும்பக் கிடைத்தது.

அம்மாவின் கவலைக்கும் அவர் இடம் கொடுத்திருந்தார். கவரைக் கத்தரிக்கும் இடம் மேலே இருக்கிறது. உருவத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இறக்கிவிட்டார், எவ்வளவு தாராளமாகக் கிழித்தாலும் தலையில் படாது. முதலாளி இப்படியொன்றைக் கேட்கவே இல்லை. கடிதத்தை ஊன்றிப் படித்தவருக்குத்தான் அது தோன்றும்.

கடைசியாகக் காகித வேலை. வரைந்த படத்தின் உரிமையைக் கம்பெனிக்கு மாற்றித் தருவதாக எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், காப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். வாங்குபவர்கள் பலருக்கு இது தெரியாது. ‘முழு உரிமை’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அண்ணாச்சி முழுக் காலத்துக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றும் சொன்னார். அப்பத்தா இறந்து இருபது ஆண்டு ஆகவில்லை. அப்படிப்பட்டவரின் உருவத்தை டிரேட்மார்க்காகப் பதியும்போது வாரிசுகளின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். அதனால் பேரன் மட்டும் போதாது, அத்தைமாரிடமும் இப்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். வியாபாரம் வளர்ந்த பிறகு கேட்டால் அது பாகப்பிரிவினைப் பேச்சாகிவிடும்.

நான் கிளம்பும்போது அட்டைப்பெட்டிக்கான படம் மேஜையில் இருந்தது. பழுப்பு அட்டையில் ஒரே கலர், ரப்பர் பிளேட். மை ஊறிப் பரவும். அதனால் கோடுகளை இரட்டிப்புத் தடிமனாக்கி, கடைக்கண்ணில் மூன்று கோட்டுக்குப் பதில் ஒரே கோடு வைத்து, அந்தப் பெண் மீண்டும் வரைந்துகொண்டிருந்தார். மதுரையிலிருந்து போன் வந்தது. படத்தை அத்தைமாருக்குக் காட்டியாயிற்றாம், அப்பளத்தைக் கொஞ்சம் இறக்கி மூக்குத்தி தெரியும்படி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். அண்ணாச்சி அளந்து பார்த்துவிட்டு, கவரில் முடியும், பெட்டியில் மை அடைத்துவிடும் என்று சொல்லி, கவருக்கு மட்டும் மூக்குத்தியைச் சேர்க்கச் சொன்னார்.