பல்லி விழுந்த பலன்

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கம் உண்டு. தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று அங்கம் அங்கமாகப் போட்டிருப்பார்கள். ஏ.சி.யில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் சொல்கிறேன்: 9,500 ரூபாய் தண்டம்.

42,000 ரூபாய்க்கு ஒரு இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கினேன். கம்பெனி வாரண்டி ஒரு வருஷம், கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருஷம். பில் போடும்போது கடைப் பையன், "சார், 3,900 ரூபா சேர்த்துக் கட்டினா இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி. எது போனாலும் நாங்க பாத்துக்கறோம்" என்றான். கையில் ஒரு பளபள அட்டை. அதில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது. "கட்டிடுங்க, நிம்மதியா இருக்கும்" என்றாள் மனைவி. கட்டினேன். நிபந்தனைகள் அப்புறம்தான் வந்தன, செல்போனில் ஒரு லிங்க்காக. யார் திறந்து பார்த்தோம்?

மூன்றாம் வருஷக் கோடையில் ஏ.சி. நின்றது. மெக்கானிக் வந்து வெளியே மாட்டியிருந்த யூனிட்டைத் திறந்தார். உள்ளே சர்க்யூட் போர்டின் மேல் ஒரு பல்லி, கருவாடாகிக் கிடந்தது. "சூட்டுக்கும் பூச்சிக்கும் உள்ள வந்துடும் சார். ரெண்டு பாயிண்ட்ல ஒடம்பு பட்டா ஷார்ட்தான்" என்றார். ஜாப் ஷீட்டில் 'பல்லி' என்று எழுதி என்னிடம் நீட்டினார். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் தீர்ப்பு என்று அப்போது தெரியாது. நாலாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது: கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அன்றைக்குத்தான் லிங்க்கைத் திறந்தேன். 'இவை அடங்காது' என்று ஒரு தலைப்பு. பூச்சி, எலி, பல்லியால் வரும் சேதம். வோல்டேஜ் ஏற்ற இறக்கம். துரு. தேய்மானம். கேஸ் நிரப்புவது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். மின்சாரம் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் ஒரு ஏ.சி. எதனாலெல்லாம் சாகுமோ, அதையெல்லாம் கவனமாக விலக்கி வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: தயாரிப்புக் குறை.

விஷயம் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தயாரிப்புக் குறை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். அப்போது கம்பெனி வாரண்டியே இருக்கிறது. அப்புறம் சில வருஷம் அமைதி. அதற்கும் பிறகு வருவது தேய்மானம். கோளாறுகளை வருஷவாரியாகக் கோடு போட்டால் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். என்ஜினீயர்கள் இதைக் குளியல் தொட்டி என்பார்கள். நமக்கு விற்கப்படுவது அந்தப் பள்ளம். 'எக்ஸ்டெண்டட்' என்றால் நாள்தான் நீளும், அகலம் அதேதான். பல்லிக்கும் மின்னலுக்கும் பணம் தருவதற்குப் பெயர் இன்ஷூரன்ஸ். அது வேறு சரக்கு.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. கடை மேனேஜரிடம் பில்லையும் லிங்க் வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பில் 6.10க்கு. லிங்க் 6.40க்கு. "பணம் வாங்கி அரை மணி கழிச்சுத்தானே சார் கண்டிஷன் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டேன். 2000-ல் ஒரு இன்ஷூரன்ஸ் வழக்கில், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காத விலக்கு நிபந்தனையைக் காட்டி கம்பெனி தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னேன். என்னுடையது வாரண்டி, அது இன்ஷூரன்ஸ். அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப் போகிறேன் என்றதும் மேனேஜர் காபி சொன்னார். 3,900 திரும்பி வந்தது. போர்டுக்கான 9,500 என் தலையில்தான்.

அடுத்து ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோதும் அதே பளபள அட்டை, அதே சிரிக்கும் குடும்பம். இந்தத் தடவை மூன்று கேள்வி கேட்டேன். நிபந்தனைகளை இப்போதே, பணம் கட்டும் முன் காட்டுவீர்களா? வோல்டேஜாலும் எலி, பல்லியாலும் போனால் உண்டா? ரிப்பேர் பண்ண முடியாவிட்டால் முழு விலையா, தேய்மானம் கழித்தா?

பையன் முதல் கேள்விக்கே, "சிஸ்டம்ல பில் போட்டாதான் சார் அது வரும்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சமான காசில் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் ஒயர் நுழையும் ஓட்டையையும் மெக்கானிக்கை வைத்து அடைத்தாயிற்று. பல்லி இப்போது சுவரில் உட்கார்ந்து சத்தம் போடுகிறது. நல்ல சகுனம் என்கிறாள் மனைவி.