சிலந்திக்கு என் பேர் வைப்பியா அக்கா?

பக்கத்து வீட்டு அக்கா எம்.எஸ்சி. விலங்கியல். நான் மெக்கானிக்கல். போன லீவில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய்விட்டு வந்த அக்கா, ஒரு குட்டி பாட்டிலை நீட்டினாள். ஸ்பிரிட்டில் மிதந்தது ஒரு சிலந்தி. சுண்டுவிரல் நகம் சைஸ்தான் இருக்கும்.

"புது இனமா இருக்கலாம்டா..."

"அப்ப என் பேரை வை அக்கா!" என்றேன். பிடித்துக்கொண்டாள் பாருங்கள் ஒரு கிளாஸ்!

பேர் வைக்க ஒரு விதிப்புத்தகமே இருக்கிறது. ஆணின் பேர் என்றால் கடைசியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, பெண்ணின் பேர் என்றால் 'ஏ', 'இ' என்று ரெண்டு எழுத்து. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பேரில் 2022-ல் ஒரு மரவட்டை வந்தது: நனாரியா ஸ்விஃப்டே. ஊர், மலை என்றால் பெரும்பாலும் 'என்சிஸ்' என்று முடியும். 2003-ல் கேரளத்தில் கண்டுபிடித்த ஊதா நிறத் தவளை, சஹ்யாத்ரி மலையின் பேரால் நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் ஆனது. அதன் சொந்தக்கார இனம் ஒன்றுக்கு 2017-ல் பேர் வைத்தார்கள். அது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காட்டுத் தவளை. பேர், பூபதி! 2014-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் உயிரை விட்ட விஞ்ஞானி சுப்ரமணியம் பூபதியின் நினைவாக வைத்தது. கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை.

"சரி, கண்டுபிடிச்ச நீயே உன் பேரை வச்சுக்கலாமே?"

"விதி தடுக்காது. ஆனா, எல்லாரும் சிரிப்பாங்க. அது மரியாதை இல்லைடா. உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கணும்னா, முதல்ல அவங்ககிட்ட கேட்கணும். அதுதான் முறை."

எழுதின விதி ஒண்ணு, எழுதாத விதி ஒண்ணு! யாரையும் புண்படுத்துகிற பேர் வைக்காதே என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால், அது அறிவுரை மட்டும்தான். மீறி வைத்துவிட்டால்?

அதற்கு அக்கா சொன்னது ஒரு வண்டுக் கதை. ஸ்லோவேனியா நாட்டுக் குகையில் வாழ்கிற, கண்ணே இல்லாத பழுப்பு வண்டு. ஆஸ்கர் ஷைபெல் என்பவர் 1937-ல் அதற்கு வைத்த பேர், அனாஃப்தால்மஸ் ஹிட்லரி. ஆமாம், அந்த ஹிட்லர்தான்! போர் முடிந்தது, ஹிட்லர் போய்ச் சேர்ந்தான், பேர் மட்டும் போகவில்லை. பொருத்தமில்லாத பேர் என்று சொல்லி ஒரு பேரை நீக்க விலங்கியல் விதியில் வழி கிடையாது. ஒரே உயிருக்கு ரெண்டு பேர் இருந்தால், முதலில் அச்சான பேர்தான் ஜெயிக்கும். ஆளாளுக்கு மாற்ற ஆரம்பித்தால், உலகம் முழுக்க ஒரே பேரால் ஒரு உயிரைக் குறிப்பிட முடியாது என்பது அவர்கள் நியாயம். 2023-லும் பேர் வைக்கும் ஆணையம் இதையே சொல்லிவிட்டது.

பாவம், அந்த வண்டு! நாஜி நினைவுச்சின்னம் சேர்க்கிற கூட்டம், பேருக்காகவே அதைக் குகையிலிருந்து திருடிக்கொண்டு போகிறது. செடிகொடி உலகத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் 200-க்கும் மேற்பட்ட பேர்களில் ஒட்டியிருந்தது. 2024-ல் மாட்ரிட் மாநாட்டில் ஓட்டுப் போட்டு, அதில் ஒரு எழுத்தைத் தூக்கி மாற்றினார்கள்.

"ஒருதடவை அச்சாயிட்டா முடிஞ்சதுடா. அதனாலதான் யோசிச்சு வைக்கணும்" என்றாள்.

அக்கா யோசித்துவைத்திருந்த பேர் என்னுடையது இல்லை. மலையில் வழிகாட்டியாக வந்த பெரியவருடையது. பாறை இடுக்கில் இருந்த அந்தச் சிலந்தியை முதலில் பார்த்தது அவர்தான். காட்டுவது ஒருத்தர், பேர் வாங்குவது வேறொருத்தர் என்பதுதான் வழக்கமாக நடக்கிறதாம். அக்கா முறையாக அவரிடம் கேட்டும்விட்டாள். "எம்பேரு எதுக்குத் தாயி? மலை பேரை வையி" என்றாராம்.

ஆனால், அதற்கு முன்னாடி ஒரு பெரிய வேலை இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே பேர் வாங்கிய ஒவ்வொரு சிலந்தியோடும் ஒப்பிட வேண்டும். நிறம், சைஸ் எல்லாம் நம்பக் கூடாது. மைக்ரோஸ்கோப்பில் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். புதுசு என்று உறுதியானால், வர்ணனை எழுதி ஆய்விதழில் வெளியிட்டு, 'இதுதான் அந்த இனத்தின் அடையாளம்' என்று ஒரே ஒரு சாம்பிளைக் குறித்துச் சொல்லி, அது எந்த மியூசியத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். அதற்குப் பேர் ஹோலோடைப்.

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. அது புதுசு இல்லை. எப்போதோ யாரோ பேர் வைத்துவிட்ட சிலந்தி!

அக்கா முகம் தொங்கிப்போச்சு. பெரியவருக்கு போன் போட்டுச் சொன்னாள். "ஏற்கெனவே பேரு இருக்கா? அப்ப நல்லதாப் போச்சு தாயி" என்றாராம்.

எனக்குத்தான் மனசு ஆறலை. அடுத்த லீவுக்கு அக்கா மறுபடி அந்த மலைக்குப் போகிறாள். இந்தமுறை பாட்டில் தூக்க நானும் போகிறேன், என் பேரைக் கேட்காமல்!