ஹஜ்ரத் அவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஹஜ்ரத் அவர்களுக்கு,



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் தங்களிடம் ஓதுவது நின்றது. அத்தாவால் மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. நான் பேக்கரியில் இரவு வேலைக்குப் போனேன். தோசைக்கல் போல் காயும் அடுப்படியில் இரவு, பள்ளியில் பகல், பின்பு இந்தக் கல்லூரி. ஐந்து ஆண்டுகள் ஐவேளைத் தொழுகை இல்லை. இத்தனை நாள் தங்களைப் பார்க்க வராததைப் பொறுத்து, பொருந்திக்கொள்ள வேண்டுகிறேன். இறைவனிடம் கேட்க வேண்டிய தவ்பாவைத் தனியே கேட்டுவருகிறேன். தங்களிடம் கேட்பது வழி.

கணிதம் படிக்கிறவன் அல்லவா, கணக்கோடுதான் வருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு 1,826 நாட்கள். நம் ஹனஃபி மத்ஹபில் பர்ளு ஐந்தோடு வித்ரையும் களாச் செய்ய வேண்டும்; ஆக நாளுக்கு ஆறு, மொத்தம் 10,956. தொழுத ஜும்ஆக்கள் அந்நாளின் லுஹருக்குப் பகரம் என்பதால், உறுதியாக நினைவிருக்கும் 200-ஐ மட்டும் கழித்தேன். சந்தேகமானவற்றைக் கழிக்க மனம் வரவில்லை. மீதி 10,756.

விடுதி நண்பர் ஒருவர், ரமளானின் கடைசி வெள்ளியன்று நான்கு ரக்அத் தொழுதால் முந்தைய களா எல்லாம் தீரும் என்றார். அது இட்டுக்கட்டிய செய்தி என்று முல்லா அலீ அல்காரீ மறுத்திருப்பதைப் படித்தேன். பத்தாயிரத்தை நான்கால் அடைக்கும் கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை!

ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் அதே வேளையின் களா ஒன்று, இஷாவோடு வித்ரும் சேர்த்து. நாளுக்கு 20 ரக்அத். தேதி எதுவும் நினைவில்லாததால், "என்மீது மீதமுள்ள பஜர்களில் முதலாவது" என்று நிய்யத் வைக்கிறேன். ஒன்று தீர்ந்ததும் அடுத்தது முதலாவதாகிவிடுகிறது. இவ்வளவு அழகான எண்ணும் முறையை வகுப்பில்கூட நான் கண்டதில்லை. விடுபட்டவை ஆறை எட்டிவிட்டால் வரிசைக் கட்டாயம் நீங்கும் என்பதால், பழையது தீரும்வரை இன்றைய தொழுகை காத்திருக்க வேண்டியதில்லை. சூரியன் உதிக்கும்போதும் உச்சியிலும் மறையும்போதும் களாத் தொழுவதில்லை.

இந்த வேகத்தில் முடிக்கும்போது எனக்கு வயது 25. அதற்குமுன் மவுத்து வந்தால்? வஸிய்யத் செய்திருந்தால் ஒரு தொழுகைக்கு அரை ஸாஉ கோதுமை, ஏறத்தாழ 1.6 கிலோ, ஃபித்யாவாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். என் கணக்குக்கு அது 17 டன். சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் வஸிய்யத் செல்லும். என் சொத்தோ ஒரு சைக்கிள். உயிரோடிருக்கையில் கோதுமை தொழுகைக்கு ஈடாகாது என்பதும் தெரியும்.

ஆகவே கேட்கிறேன்: வேளைக்கு இரண்டாக்கி இரண்டரை ஆண்டில் முடிக்கட்டுமா? அத்தாவுக்கு மருந்து வாங்க இரவு வேலை இன்னும் நடக்கிறது. அவசரப்பட்டு எடுத்து நடுவில் நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறேன். எத்தனை என்று தாங்களே சொல்லுங்கள், அதையே பிடித்துக்கொள்கிறேன்.

கணக்கு நோட்டுடன் வரும் வெள்ளி அஸருக்குப் பின் பள்ளிவாசலுக்கு வருகிறேன். அத்தாவும் வருவார்.

துஆவை நாடும் மாணவன்,
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)