கோதுமை மாவுக் கணக்கு

எங்கள் வீட்டில் மாதந்தோறும் 10 கிலோ கோதுமை மாவு செலவாகிறது. கடையில் பாக்கெட் மாவு கிலோ 60 ரூபாய். ஆகவே, சென்ற ஆண்டு 50 கிலோ கோதுமை மூட்டையொன்றை 2,000 ரூபாய்க்கு வாங்கினேன். கல், தூசு நீக்கியதில் ஒரு கிலோ குறைந்தது. மாவு மில்லில் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் கூலி 392 ரூபாய். அங்கும் ஒரு கிலோ சேதாரம். கிடைத்த மாவு 48 கிலோ. அடக்கம் கிலோ ஏறத்தாழ 50 ரூபாய். ஆண்டுக்கு 120 கிலோவில் 1,200 ரூபாய் மிச்சமாகும் என மகிழ்ந்தேன்.

ஆனால், மூட்டை முழுவதையும் ஒரே நாளில் அரைத்தது என் பிழை. நான்கு மாதங்களில் 40 கிலோ செலவாயிற்று. எஞ்சிய 8 கிலோ கசந்து, வண்டு பிடித்துப் பாழாயிற்று. "இப்போது கணக்குப் போடுங்கள்" என்றார் என் துணைவியார். 2,392 ரூபாயை 40 கிலோவுக்குப் பங்கிட்டேன். கிலோ 60 ரூபாய்! பாக்கெட் விலையேதான்.

கோதுமையின் முளைப்பகுதியில் எண்ணெய் உண்டு. மணி உடையாதவரை அது எளிதில் கெடுவதில்லை. மாவானபின் காற்றுப்பட்டுக் கசக்கிறது.

இப்போது கோதுமையை வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியபின் தகர டின்னில் இறுக மூடிவைத்து, மாதம் 10 கிலோ மட்டுமே அரைக்கிறோம். மில் நான் மதரஸா செல்லும் வழியிலேயே உள்ளது. ஆட்டோவுக்கு 100 ரூபாய் கொடுத்து அரைத்து வருவோருக்கு அந்த மாத மிச்சம் அதிலேயே தீர்ந்துவிடும். அவர்களுக்குப் பாக்கெட் மாவே போதும்.